"விரைவில் வரும்" என்று எழுதினால் போன் நிற்காது

கேள்வி: கார்டு, யூபிஐ விற்பனைப் பணத்தைக் கடைக்காரர் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வேயில் செட்டில்மென்ட் தாமதமாவது பற்றி கடைக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பியும் ஓயாமல் போன் வருகிறது. எப்படி மாற்றி எழுதலாம்?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கடைகளுக்கு கேட்வே சப்போர்ட் பார்க்கிறேன். எங்களிடமிருந்தும் முன்பு இப்படித்தான் மெசேஜ் போகும்: "தொழில்நுட்பக் காரணங்களால் செட்டில்மென்ட் தாமதமாகியுள்ளது. விரைவில் வரவு வைக்கப்படும்." திருபுவனத்துப் பட்டுக் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "தம்பி, செவ்வாய்க்கிழமை நெசவுக்காரங்களுக்குக் கூலி கொடுக்கணும். விரைவில்னா நாளைக்கா, தை மாசமா?"

அவருக்குத் தெரிய வேண்டியது எந்த நாள் விற்பனை, பணம் இப்போது எங்கே, எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். அதனால் எழுதுவதற்கு முன் கணக்குப் பிரிவிடம் ஒன்றைக் கேளுங்கள்: வங்கியிலிருந்து பணம், கடைக்காரர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை மட்டும் வைக்கும் நம் எஸ்க்ரோ கணக்குக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் மட்டுமே "பணம் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதலாம். அன்று மொத்தப் பணம் வந்திருந்தது. எந்தக் கடைக்கு எவ்வளவு என்று வங்கி அனுப்பும் கோப்புதான் நம் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் செவ்வாய் மதியம் 1 மணிக்கு நெஃப்டில் அனுப்புவதாகக் கணக்குப் பிரிவு சொன்னது. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். அது முடிந்து 2 மணி நேரத்துக்குள் கடைக்காரரின் வங்கி வரவு வைக்க வேண்டும். ஆக 3:30. நான் 4 மணி என்று போட்டேன். நாம் அனுப்பும் நேரத்தையே பணம் வரும் நேரமாக எழுதிவிட்டால் 1:05க்கே போன் அடிக்கும்.

கடைசியில் போனது இது:

"13ஆம் தேதி வெள்ளிக்கிழமை கார்டு விற்பனைப் பணம் இன்று, திங்கள், உங்களுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பணம் எங்கள் எஸ்க்ரோ கணக்கில் இருக்கிறது. வங்கி தந்த விவரத்தில் கணக்கு இடிப்பதால் சரிபார்க்கிறோம். நாளை, செவ்வாய், மாலை 4 மணிக்குள் உங்கள் கணக்கில் இருக்கும். யூபிஐ பணத்தில் தாமதம் இல்லை. வாடிக்கையாளரிடம் மறுபடி பணம் வாங்க வேண்டாம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஓடிபி, கணக்கு எண் எதையும் கேட்க மாட்டோம். இன்று மாலை 6 மணிக்கு அடுத்த தகவல் தருகிறோம்."

6 மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் "வேலை நடக்கிறது, நாளை 4 மணியில் மாற்றமில்லை" என்று அனுப்பிவிடுங்கள். வங்கியின் பெயரைப் போட்டுப் பழி சொல்ல வேண்டாம். கடைக்காரர் நேராக அந்தக் கிளைக்குப் போய் நிற்பார், அங்கே யாருக்கும் விவரம் தெரியாது.

பணம் போன பிறகு வரும் அடுத்த குழப்பம், "தொகை குறையுதே" என்பது. அந்த வெள்ளிக்கு மறுநாள் இரண்டாம் சனி, வங்கி விடுமுறை வேறு. சனி, ஞாயிறு விற்பனைப் பணமும் அதே செவ்வாயன்றுதான் விழும். ஆகவே அனுப்பிய உடனே இரண்டு வரவுக்கும் வங்கி தரும் பரிமாற்ற அடையாளமான தனித்தனி யூடிஆர் எண், எந்தெந்த நாள் விற்பனை, கமிஷனும் ரீஃபண்டும் போக எவ்வளவு என்று இன்னொரு மெசேஜ் போட வேண்டும்.