ரெண்டு மணி நேர ஆஃபர்: விலையை எங்கே நிறுத்துவது?

வாட்ஸ்அப்பில் காட்டன் சேலை விற்கிறேன். 1000 ரூபாய் சேலை ஒன்றில் 30 உருப்படி இருக்கிறது. சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் மட்டும் ஆஃபர் போட நினைக்கிறேன். எவ்வளவு குறைக்கலாம்?
(வாசகி, ஈரோடு)

சதவீதத்தில் தொடங்காதீர்கள். ஒரு சேலைக்குக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று முதலில் பாருங்கள். கொள்முதல் 620, கூரியர், கவர் எல்லாம் சேர்த்து 80 என்று வைத்துக்கொள்வோம். 1000-க்கு விற்றால் 300 நிற்கும். 800-க்கு விற்றால் 100தான். விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைத்தீர்கள், லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இப்போது அடுத்த கணக்கு. ஆஃபரே போடாவிட்டாலும் அந்த வாரம் 10 பேர் முழு விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்றால், உங்களுக்கு 3000 ரூபாய் வந்திருக்கும். 800-க்கு 30 சேலையும் தீர்ந்தாலும் அதே 3000தான். 20 சேலை கூடுதலாக மடித்து, பேக் செய்து, விலாசம் எழுதியதற்குக் கூலி இல்லை. அதுவே 850 என்றால் ஒன்றுக்கு 150, மொத்தம் 4500. முழு விலை கொடுத்திருக்கக்கூடியவர்கள் 15 பேர் வரை இதில் வந்து வாங்கினாலும் கையைக் கடிக்காது.

ஆஃபர் லாபத்தை வழக்கமான லாபத்தால் வகுத்தால் இந்த எல்லை கிடைத்துவிடும். 100-ஐ 300-ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று, 150 என்றால் பாதி. அதற்கு மேல் 'எப்படியும் வாங்கியிருப்பவர்கள்' வந்தால் நஷ்டம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 850-இல் நிறுத்துவேன். குறைத்த விலையை அடுத்த முறை இன்னும் குறைக்கலாம், ஏற்றுவதுதான் கஷ்டம்.

அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(அதே வாசகி)

பழைய வாடிக்கையாளர் எல்லாரும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். போன மாதம் வாங்கியவர் இன்னொன்று எடுத்தால் அது கூடுதல் விற்பனை. கடந்த ரெண்டு வாரத்தில் அதே சேலையின் படத்தை அனுப்பி "இது எவ்வளவுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான் கவனிக்க வேண்டிய ஆள். ஆஃபரில் வாங்கியவர்களின் எண்களை அந்த விசாரணைகளோடு ஒப்பிடுங்கள்.

அதோடு, ஆஃபருக்குப் பின் ரெண்டு வார விற்பனையையும் பாருங்கள். வாரம் 10 போய்க்கொண்டிருந்தது 4 ஆனால், அடுத்த வாரத்து விற்பனையையே குறைந்த விலைக்கு முன்கூட்டி விற்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எந்தச் சரக்கை ஆஃபரில் வைப்பது? நன்றாக ஓடுவதை வைத்தால்தானே கூட்டம் வரும்?
(குர்தி விற்பவர், மதுரை)

நானும் ஒருமுறை அப்படித்தான் நினைத்தேன். ஓடிக்கொண்டிருந்த மாம்பழ மஞ்சள் சேலையை வைத்தேன், கூட்டமும் வந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம், அந்த நிறத்தை யாரிடம் காட்டினாலும் ஆஃபர் விலையைத்தான் கேட்டார்கள்.

சைஸ் உடைந்த சரக்கை வையுங்கள். குர்தியில் M, L தீர்ந்து, S-உம் XXL-உம் மட்டும் நிற்கும் டிசைன்கள் இருக்குமே, அவைதான் சரி. L தேடி வருபவர் விலை குறைவு என்பதற்காக S எடுக்க மாட்டார், அதனால் வழக்கமான விற்பனை தப்பிக்கும். ஆறு மாதமாக யாரும் கேட்காத உருப்படி என்றால் கொள்முதல் விலைக்குக்கூடக் கொடுக்கலாம். முழு விலைக்குப் போகாத சரக்கில் முழு விலை லாபத்தை இழந்ததாகக் கணக்குப் போடக் கூடாது.

ஒன்று மட்டும்: மாதாமாதம் அதே வெள்ளிக்கிழமை போடாதீர்கள். ஆடித் தள்ளுபடி வரும் என்று தெரிந்தவர்கள் ஆனியிலேயே கையை இறுக்கிக்கொள்வதில்லையா? அதேதான் நடக்கும்.

40 உருப்படி 9 நிமிடத்தில் தீர்ந்தது. இது வெற்றிதானே?
(வாசகர், சேலம்)

விலையை அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ரெண்டு மணி நேரம் என்று சொன்னதில் முக்கால்வாசி நேரமாவது ஓட வேண்டும். அடுத்த முறை தள்ளுபடியைப் பாதியாக்கி, ஒருவருக்கு ஒன்று என்று வைத்துப் பாருங்கள். மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய் மறுவிற்பனை செய்பவர்களும் விலகுவார்கள். எத்தனை உருப்படி என்பதை அறிவிப்பிலேயே போடுங்கள். சரக்கு குறைவு என்பதை மறைத்து ஆசை காட்டும் விளம்பரத்துக்கு எதிராக 2022-இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் வந்துவிட்டது.

முந்தின நாள் முழு விலைக்கு வாங்கியவர் சண்டைக்கு வருகிறார்.
(வாசகி, திருச்சி)

மூன்று நாளுக்குள் வாங்கியிருந்தால் வித்தியாசத்தை அடுத்த பில்லில் கழித்துக்கொடுங்கள். ஓடாத சரக்கை ஆஃபரில் வைத்திருந்தால் இப்படி வருபவர் ஓரிருவர்தான். பத்துப் பேர் வந்தால், வைத்த சரக்கே தப்பு.