ஒரு பக்கம் மட்டும் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்: காலை வரை காத்திருக்கலாமா?

"என் தம்பிக்கு 20 வயது, ஆறடி உயரம், ஒல்லியான உடம்பு. மாலையிலிருந்து வலப்பக்க நெஞ்சில் மட்டும் சுருக்கென்று குத்துகிறது, மூச்சும் வாங்குகிறது. வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். காலையில் பார்த்துக்கொள்ளலாமா?"

காலை வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு இப்போதே அழைத்துச் செல்லுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, வியர்த்துக் கொட்டி மயக்கம் வந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு இரைத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

தருமபுரியில் நெஞ்சக நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். உங்கள் தம்பியின் வயது, உயரம், வலி வந்த விதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நுரையீரல் சுருங்கியிருக்குமோ என்றே ஐயுற வேண்டியிருக்கிறது. உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பவர்களில் சிலருக்கு நுரையீரலின் உச்சியில் மெல்லிய தோலுடைய சிறு கொப்புளங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று உடையும்போது, உள்ளிழுத்த காற்று நுரையீரலுக்கும் விலாச்சுவருக்கும் நடுவே கசிந்து சேர்ந்து, நுரையீரலை வெளியிலிருந்து அமுக்கிவிடுகிறது. இதற்குப் பளு தூக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நேரலாம்.

பாலக்கோட்டிலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு அப்படித்தான் நேர்ந்தது. முதலில் பார்த்த இடத்தில் ஈசிஜி சரியாக இருந்ததால் அசிடிட்டி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி சரியாக இருந்தாலும் இந்தக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எங்களிடம் வந்தபோது, வலித்த பக்கத்தில் மூச்சொலி மிகவும் குறைந்திருந்தது; விரலால் தட்டினால் வெற்றுப்பானைபோல் ஒலித்தது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதற்கு வெளியே இரத்தக்குழாய்களின் தடமே இல்லாமல் கருமையாக இருந்தது.

காற்று கொஞ்சமாக இருந்து திணறலும் இல்லையென்றால், கண்காணிப்பில் வைத்திருந்தாலே அது தானாக உறிஞ்சப்பட்டுவிடும். இவருக்குச் சேர்ந்திருந்தது அதிகம். எனவே அக்குளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கிடையே குழாய் செருகி, அதன் மறுமுனையைப் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் முக்கிவைத்தார்கள். வெளியேறும் காற்று குமிழிகளாக வரும், திரும்ப உள்ளே போகாது. அந்தப் பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். உடன் இருப்பவர்கள் பாசத்தில் அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பதுதான் எங்களுக்குத் தீராத தலைவலி. இருமும்போதும் குமிழி வராமல் நின்று, நுரையீரல் விரிந்துவிட்டதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்த பிறகே குழாயை எடுத்தார்கள். பல நாள் கழித்தும் கசிவு நிற்காதவர்களுக்குக் கொப்புளத்தை அகற்றும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

குணமான பிறகும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள், இது திரும்ப வருகிறது. புகைபிடித்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, மருத்துவரிடமாவது மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானப் பயணம் கூடாது.