வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சார், மூன்று கணக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 25,000 எடுக்கலாமா?

முடியாது. சிக்கலில் மாட்டிய வங்கியில் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதிக்கும் உச்சவரம்பு ஆளுக்குத்தான், கணக்குக்கு இல்லை. சேமிப்பு, நடப்பு, வைப்பு எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

எனக்கு 6.4 லட்சம் இருக்கிறது. 90 நாளில் எல்லாம் வந்துவிடும் என்கிறார்களே?

எல்லாம் வராது, வைப்புக் காப்பீட்டில் 5 லட்சம் வரைதான் வரும். அதுவும் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். உங்களுக்கு வைப்பில் 5 லட்சம், அதற்கு வட்டி 50,000, சேமிப்பில் 90,000 என்றால், மூன்றையும் கூட்டி 5 லட்சத்தில் நிறுத்திவிடுவார்கள். மீதி 1.4 லட்சம் வங்கியின் கதி என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த 90 நாள் 2021இல் திருத்திய சட்டத்தில் வந்தது. முதல் 45 நாளுக்குள் வங்கி பட்டியல் கொடுக்க வேண்டும், வைப்புக் காப்பீட்டுக் கழகம் 30 நாளில் சரிபார்க்கும், அப்புறம் 15 நாளில் பணம். வேறு வங்கியோடு இணைக்கும் பேச்சு நடந்தால் இன்னும் 90 நாள் தள்ளலாம். இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பணம் வாங்க விருப்பம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, வேறொரு வங்கியில் உங்கள் பெயரில் உள்ள கணக்கு எண்ணோடு கிளையில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் பெயர் அந்தச் சுற்றில் விடுபட்டுப்போகும். நகலில் முத்திரை வாங்குங்கள்.

இதைச் சாக்காக வைத்து யாராவது போன் செய்து ஓடிபி கேட்டால் உடனே வைத்துவிடுங்கள்.

அண்ணா, நானும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்கு, எனக்குத் தனியாக ஒன்று. ஒரு கணக்குக்கு 5 லட்சம்தானே?

பாதி சரி. கணக்குக்கு இல்லை, எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு. தனிப்பெயர் ஒரு நிலை, கூட்டுக் கணக்கு வேறு நிலை, இரண்டுக்கும் தனித்தனியாக 5 லட்சம் உண்டு. ஆனால் உங்கள் தனிப்பெயரில் இரண்டு கிளையில் இருந்தால் அது ஒன்றுதான். நீங்கள் மட்டும் உரிமையாளராக நடத்தும் கடையின் கணக்கும் உங்கள் தனிக்கணக்கோடு சேர்ந்துவிடும். கட்டுப்பாடு வந்தபின் பெயர் மாற்றிப் பிரிக்க நினைப்பது வீண்.

என் பணத்தை வங்கி தரவில்லை. அங்கே வாங்கிய கடனுக்கு நான் எதற்குத் தவணை கட்ட வேண்டும்?

கட்டுங்கள். நிறுத்தினால் உங்கள் கடன் வரலாறுதான் கெடும்.

நீங்கள் வங்கிக்காரர் மாதிரியே பேசுகிறீர்கள். வைப்பில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமே!

நான் 20 வருஷம் கிளையில் இருந்தவன்தான், ஆனால் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கழிப்பதற்கு ரிசர்வ் வங்கி பெரும்பாலும் நிபந்தனையோடு அனுமதிக்கிறது. 9 லட்சம் வைப்பு, 3 லட்சம் கடன் என்று வையுங்கள். கழிக்காவிட்டால் 5 லட்சம் வரும், 4 லட்சம் சிக்கும், கடனும் நிற்கும். கழித்தால் கடன் தீர்ந்து 6 லட்சம் மிஞ்சும், அதில் 5 வரும், சிக்குவது 1 லட்சம்தான். 5 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். மொத்தம் 4 லட்சம் உள்ளவருக்கு இதில் ஒன்றும் லாபமில்லை, கைக்கு வரும் ரொக்கம்தான் குறையும். எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை தவணையை விடாதீர்கள்.

ஜாமீன் போட்டவரின் வைப்பையும் கழிப்பார்களா? என் மச்சான் கடனுக்கு என் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

ஜாமீன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எல்லோருக்கும் 5 லட்சத்துக்கு மேல் போய்விடுமா? யெஸ் வங்கியில் யாருக்கும் நஷ்டமில்லையே?

அங்கே 2020 மார்ச் 5இல் 50,000 என்று போட்டு, 18ஆம் தேதி எடுத்தார்கள். லக்ஷ்மி விலாஸ் வங்கியில் பத்தே நாள். பிஎம்சி கூட்டுறவு வங்கியில் 2019 செப்டம்பரில் 1,000 ரூபாயில் தொடங்கினார்கள், 2022இல்தான் இணைப்பு, 5 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு மீதி 10 ஆண்டு வரை நீளும் தவணைகளில். எந்த வழியில் போகும் என்பதை முதல் வாரத்தில் யாரும் சொல்ல முடியாது.

ஒரு ஏஜென்ட் வைப்பை 70 சதவீதத்துக்கு வாங்குகிறாராம்...

கொடுக்காதீர்கள். 5 லட்சத்துக்குள் என்றால் முழுதும் வரவேண்டிய பணம் அது. ஓடிபியும் கொடுக்காதீர்கள், இரண்டாவது முறை சொல்கிறேன்.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டதற்கும் இந்தக் காப்பீடு உண்டா?

இல்லை. அது கூட்டுறவு வங்கி இல்லை, பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

வைப்பு முதிர்ந்துவிட்டது, மொத்தமாகக் கிடைக்குமா?

மேலே முதல் பதிலைப் படியுங்கள். முதிர்ந்தாலும் உச்சவரம்புதான்.

சம்பளம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மருத்துவமனைக்கும் பணம் வேண்டும்.

சம்பளக் கணக்கை இன்றே மாற்றச் சொல்லுங்கள், புதிதாக வருவதும் உள்ளே மாட்டக்கூடாது. காப்பீட்டு பிரீமியம், மின்கட்டணம் போன்ற தானியங்கிக் கழிவுகளையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். மருத்துவத்துக்கு, நியமிக்கப்பட்ட நிர்வாகியிடம் மருத்துவமனை மதிப்பீட்டோடு விண்ணப்பியுங்கள். பிஎம்சியில் இதற்குத் தனி வழி வைத்திருந்தார்கள், உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று கிளையிலேயே கேளுங்கள்.