மரச்செக்கு நல்லெண்ணெய்க்கு லேப் ரிப்போர்ட் காட்டினால் எதைப் பார்ப்பது?

கேள்வி: கும்பகோணத்துல ஒரு கடையில "ஆர்கானிக் மரச்செக்கு நல்லெண்ணெய்"னு விக்கிறாங்க. கேட்டா லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, எல்லாத்துக்கும் நேரா "பாஸ்"னு இருக்கு. நம்பி வாங்கலாமா?

பதில்:

"பாஸ்" என்ற சொல்லைத் தள்ளிவிட்டு எண்களைப் பாருங்கள். பாஸ் போடப் பயன்படும் வரம்புகள் எண்ணெய் சாப்பிடத் தகுந்ததா என்று பார்க்க வைத்தவை, செக்கில் ஆட்டியதா என்று பார்க்க அல்ல. சொல்லப்போனால் இந்தப் பரீட்சையில் ரீஃபைண்ட் எண்ணெய்தான் முதல் மார்க் வாங்கும். எண் ரொம்ப அழகாக இருந்தால் அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட்டுக்கு முன்னால் பாட்டிலைத் திருப்புங்கள். செக்கில் எள்ளோடு கருப்பட்டியோ வெல்லமோ போட்டு ஆட்டுவது நம் வழக்கம். அதன் ஈரமும் பிசுக்கும் சேர்ந்தால்தான் எள் மாவு திரண்டு எண்ணெயை விடும். சர்க்கரை எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு போய்விடும். அதனால் உட்பொருள் பட்டியலில் "எள், கருப்பட்டி" என்று இருந்தால் அது கலப்படம் இல்லை, ஆட்டியவர் செய்ததை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது "சமையல் தாவர எண்ணெய்" என்று பொதுவாக எழுதி, எள்ளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருந்தால். பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்கும், அதனால் எது முதலில் வருகிறது என்பதும் முக்கியம். INS 319 என்று கண்ணில் பட்டால் அது டி.பி.எச்.க்யூ., எண்ணெய் கெடாமலிருக்கப் போடும் செயற்கைப் பொருள். செக்கில் ஆட்டி வடித்து விற்கிறேன் என்பவருக்கு அது தேவைப்படாது.

கோயில் ஊர் என்பதால் இன்னொன்று. அதே அலமாரியில், அதே வடிவ பாட்டிலில் "தீப எண்ணெய்" இருக்கும். அது உணவே இல்லை, உணவு உரிம எண்ணும் அதில் இருக்காது. விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

இனி ரிப்போர்ட். முதல் பக்கத்தில் மூன்று விஷயம். தொகுதி எண் உங்கள் கையில் உள்ள பாட்டிலின் தொகுதி எண்தானா? மாதிரியை லேப் வந்து எடுத்ததா, விற்பவரே கொண்டுபோய்க் கொடுத்ததா? பெரும்பாலும் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். அதில் தப்பில்லை, ஆனால் "முடிவுகள் இந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதன் அர்த்தம் அதுதான். மூன்றாவது, லேப்களைச் சரிபார்த்து அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் உள்ள லேபின் ரிப்போர்ட்டில் யு.எல்.ஆர். என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அது F என்று முடிந்தால் அதிலுள்ள எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் உண்டு. P என்று முடிந்தால் சிலவற்றுக்கு மட்டும். லோகோ இருந்து இந்த எண் இல்லையென்றால், லேப் பெயரை என்.ஏ.பி.எல். தளத்தில் தேடி எண்ணெய்ச் சோதனைக்கு அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து அமில எண், ரிப்போர்ட்டில் "ஆசிட் வேல்யூ". எள்ளை உடைத்ததும் அதிலுள்ள நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும், கொஞ்சம் கொழுப்பமிலம் தனியே பிரிந்து நிற்கும், அதன் அளவைக் காட்டுவதுதான் இந்த எண். செக்கில் ஆட்டி, தெளியவைத்து, வடிகட்டினால் அது எண்ணெயிலேயே இருக்கும். ரீஃபைனரியில் காரம் போட்டும் ஆவி விட்டும் அதை எடுத்துவிடுவார்கள். நல்லெண்ணெய்க்கு நம் உணவுப் பாதுகாப்பு விதி 6 வரை அனுமதிக்கிறது. சர்வதேச கோடெக்ஸ் தரத்தில் குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்க்கு 4 வரை, ரீஃபைண்ட் எண்ணெய்க்கு 0.6 வரை. ஆகவே "மரச்செக்கு" என்று போட்ட பாட்டிலுக்கு 0.2, 0.3 என்று வந்தால் கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார், நீங்கள் சந்தேகப்பட வேண்டும். சில ரிப்போர்ட்டில் இதற்குப் பதில் தனித்த கொழுப்பமிலத்தின் சதவீதம் இருக்கும். அதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அமில எண் வந்துவிடும்.

எண் கூடினால் மட்டும் போலி என்று சொல்லிவிடாதீர்கள். டெல்டாவில் சம்பா அறுத்த வயலில் போடும் எள், கோடையில் அறுவடைக்கு வரும். அறுத்த செடியைச் சில நாள் அடுக்கிவைத்து, இலை உதிர்ந்தபின் காயவைத்து உலுக்குவார்கள். அந்த நேரத்தில் ஒரு கோடை மழை பெய்து அடுக்கு நனைந்தால் எள்ளிலேயே அமிலம் ஏறிவிடும். அப்படிப்பட்ட எள்ளை எவ்வளவு ஒழுங்காக ஆட்டினாலும் 5 வரக்கூடும். எண்ணெய் அசல்தான், சரக்கு சுமார்.

இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே வெட்டும். 0.3 வந்தால் ரீஃபைண்ட் என்று நம்பலாம். 2 வந்தால் செக்கு என்று நம்ப முடியாது, ஏனென்றால் ரீஃபைண்டில் அமிலம் ஏறிய அசல் எண்ணெயைக் கலந்தாலும் அந்த எண்ணைக் கொண்டுவரலாம். வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கத்தான், எந்தக் கொழுப்பமிலம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் கொழுப்பமிலப் பட்டியல் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது: எண்ணெய் எந்த வகை என்று பார்க்கும் அயோடின் எண் 104.6, சோப்பாதல் எண் 191, கொழுப்பமிலங்களில் பால்மிட்டிக் 14.8%, லினோலெயிக் 38%. நம் விதிப்படி நல்லெண்ணெய்க்கு அயோடின் எண் 103 முதல் 120, சோப்பாதல் எண் 188 முதல் 193. இரண்டும் பாஸ். லினோலெயிக்கும் கோடெக்ஸ் கொடுத்த 36.9 முதல் 47.9-க்குள் வந்துவிட்டது. இடிப்பது பால்மிட்டிக் மட்டும், எள்ளுக்கு அது 7.9 முதல் 12% வரைதான். பாமாயிலின் திரவப் பகுதியான பாமோலினில் 40%-ஐ ஒட்டி இருக்கும். எள்ளுக்கு 9.5, பாமோலினுக்கு 39 என்று வைத்துக்கொண்டால்:

```
(14.8 − 9.5) ÷ (39 − 9.5) = 5.3 ÷ 29.5 = 0.18
```

அதாவது நூறு பங்கில் ஏறத்தாழ பதினெட்டு பங்கு பாமோலின். அயோடின் எண் 115 உள்ள நல்ல எள்ளெண்ணெயில் இவ்வளவு கலந்தாலும் மொத்தம் 104-க்கு மேல் நிற்கும், அதனால்தான் வழக்கமான சோதனைகளில் அது மாட்டவில்லை. பருத்தி விதை எண்ணெயிலும் தவிட்டெண்ணெயிலும்கூடப் பால்மிட்டிக் கூடுதல்தான், ஆகவே எந்த எண்ணெய் என்பதை இந்த ஒரு எண்ணை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இது தனி எள்ளெண்ணெய் இல்லை என்று மட்டும் சொல்லலாம். கடலை எண்ணெய் கலந்தால் பால்மிட்டிக் காட்டிக்கொடுக்காது, அதைப் பிடிக்க பெல்லியர் கலங்கல் சோதனை இருக்கிறது, சூடான மாதிரி ஆறும்போது எத்தனை டிகிரியில் கலங்குகிறது என்று பார்ப்பது. நல்லெண்ணெய் 22 டிகிரிக்கு மேல் கலங்கக்கூடாது, கடலை எண்ணெய் 39 டிகிரியிலேயே கலங்கிவிடும். ரிப்போர்ட்டில் இந்த இரண்டு வரியும் இல்லையென்றால் கலப்படத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

"பாடொயின் சோதனை: பாசிட்டிவ்" என்பதைத் தூய்மைச் சான்றாகக் காட்டுவார்கள். எள்ளெண்ணெய் இருந்தால் சிவப்பு வரும், அவ்வளவுதான். வனஸ்பதியை நெய்யில் கலந்தால் பிடிப்பதற்காகவே அதில் 5% எள்ளெண்ணெய் சேர்க்கச் சொல்லி நம் நாட்டில் விதி வைத்தார்கள். அந்த அஞ்சு சதவீதத்துக்கே சிவப்பு வரும் என்றால், உங்கள் பாட்டிலில் சிவப்பு வந்ததில் என்ன ஆறுதல்?

மர உலக்கையா இரும்பு எக்ஸ்பெல்லரா என்று எந்த லேபும் சொல்லாது. எண்ணெய் பெரிய சூட்டைப் பார்த்ததா என்று மட்டும் சொல்லலாம். ரீஃபைனரியில் வாசனை நீக்க 200 டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது 3-எம்.சி.பி.டி. எஸ்டர், கிளைசிடில் எஸ்டர் என்று இரண்டு பொருள் உருவாகும், பாமாயிலில் இது இன்னும் கூடுதல். செக்கெண்ணெயில் இவை தெரியும் அளவுக்கு வரக் காரணமே இல்லை. செலவு பிடிக்கும் சோதனை, ஒரு பாட்டில் வாங்குபவர் கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். பத்து இருபது குடும்பம் சேர்ந்து டின் கணக்கில் வாங்குவதாக இருந்தால் கேட்டுப்பார்க்கலாம்.

"ஆர்கானிக்" தனிக் கதை. அதற்கு ஆதாரமாகப் பூச்சிமருந்து எச்ச ரிப்போர்ட் காட்டுவார்கள், நூற்றுக்கணக்கான மருந்தின் பெயருக்கு நேரே "கண்டறியப்படவில்லை" என்று. இதில் மூன்று ஓட்டை. முதலாவது, சோதித்தது எண்ணெயை. தண்ணீரில் கரையும் மருந்துகள் எண்ணெய்க்கு வராமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். களைக்கொல்லி கிளைஃபோசேட் அந்த வகைதான், மொத்தமாகப் பார்க்கும் அந்தச் சோதனையில் அது வரவும் வராது, தனியாகச் செய்ய வேண்டும். எள்ளைச் சோதித்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, வாசனை நீக்கும் சூட்டில் பல மருந்துகள் ஆவியோடு போய்விடும். அமில எண் 0.2, எச்சம் எதுவும் இல்லை என்று இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் இருந்தால் அது இயற்கை விவசாயத்தின் அடையாளம் இல்லை, ரீஃபைனரியின் அடையாளம். மூன்றாவது, யூரியா போட்டதை எந்த எச்சச் சோதனையும் காட்டாது.

"எள்ளுக்கு நாங்க ஒண்ணுமே அடிக்கலீங்க" என்று விவசாயி சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். சம்பாவுக்கு மிச்சமிருந்த ஈரத்தில் விதைத்துவிட்டு வருவதுதான் பாதி எள். ஆனால் அதே வயலில் சம்பாவுக்கு உரமும் களைக்கொல்லியும் போயிருக்கும். சான்றிதழ் பார்ப்பது பயிரை மட்டும் அல்ல, நிலத்தையும். தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில் ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாறுகாலம், அதாவது ரசாயனம் இல்லாமல் நிலம் மாறும் காலம், கழிந்திருக்க வேண்டும்.

எனவே ஆர்கானிக்குக் கேட்க வேண்டியது லேப் ரிப்போர்ட் அல்ல, காகிதம். லேபிளில் அரசின் ஆர்கானிக் முத்திரை, சான்றளித்த அமைப்பின் பெயர், அல்லது விவசாயிகளே குழுவாக ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையில் அந்தக் குழுவின் பதிவு எண். பி.ஜி.எஸ். கிரீன் என்றால் இன்னும் மாறுகாலத்தில் இருக்கிறது, பி.ஜி.எஸ். ஆர்கானிக் என்றால் முடித்துவிட்டது. சான்றிதழின் பட்டியலில் எள் இருக்கிறதா என்று பாருங்கள், நெல்லுக்கு மட்டும் வாங்கிவிட்டு எண்ணெய் பாட்டிலில் அதன் எண்ணை ஒட்டுவது நடக்கிறது. செக்குக்காரர் எள்ளை வெளியே வாங்கியிருந்தால் அந்தச் சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்றும் வேண்டும். அதில் கிலோ எழுதியிருக்கும். செக்கில் ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ எள் போகும். 500 கிலோவுக்குச் சான்று வைத்துக்கொண்டு அந்த வருஷம் 200 லிட்டருக்கு மேல் "ஆர்கானிக்" என்று விற்றிருந்தால், மீதி எந்த எள் என்று அவரையே கேளுங்கள்.