கை கழன்று விழும் ரோபோ

கேள்வி: என் ஏழு வயது மகனும் நானும் பழைய அட்டைப்பெட்டிகளை வைத்து ஒரு ரோபோ செய்தோம். டேப்பை அள்ளி ஒட்டியும் மறுநாளே இரண்டு கைகளும் விழுந்துவிட்டன, தலையும் சாய்ந்துவிட்டது. அழுது தீர்த்துவிட்டான். இன்னொன்று, அவனுடைய கத்தரிக்கோல் அட்டையில் இறங்குவதே இல்லை, முக்கால்வாசி வேலையை நான்தான் செய்தேன். அடுத்து கோட்டை வேண்டுமாம். எங்கே தவறு?
— ஒரு வாசகி

பதில்: கோட்டைக்குப் போகும் முன் ரோபோவின் கையைச் சரி செய்துவிடலாம். அது புரிந்தால் கோட்டையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு உருளையின் வாயைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவோம். ஆனால் டேப்புக்கு ஒரு குணம் உண்டு. ஒட்டிய பரப்போடு சேர்த்து நீளவாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினால் சுலபமாக உரிந்து வந்துவிடும். ரோபோவின் கை தொங்கும்போது அதன் எடை டேப்பின் ஓரத்தை ஓயாமல் உரித்துக்கொண்டே இருக்கிறது. நான்கு சுற்று கூடுதலாக ஒட்டினாலும் விழுவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஆகவே கையை வெளியிலிருந்து ஒட்டாதீர்கள், உள்ளிருந்து செருகுங்கள். சமையலறைக் காகிதச் சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் உருளை இதற்குத் தோதானது. அதன் ஒரு முனையில் சுற்றிலும் எட்டு இடங்களில், இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். அந்த அட்டை மெல்லியது, உங்கள் மகனின் கத்தரிக்கோலே போதும். வெட்டிய நாக்குகளை வெளிப்பக்கமாக மடக்கினால் பூ விரிந்த மாதிரி நிற்கும்.

இனி பெட்டியில் ஓட்டை. உருளையின் மறுமுனையைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து அவன் வட்டம் வரையட்டும். அந்த வட்டத்தை அப்படியே வெட்டி எடுக்க முயன்றால் பெரியவர்களுக்கே கை வலிக்கும், ஓட்டையும் பிய்ந்துபோகும். வட்டத்துக்குள் மையம் வழியாக நான்கு கோடுகள் போடுங்கள். பேப்பர் கட்டரால் அந்தக் கோடுகளை மட்டும் கீறுங்கள். இது உங்கள் வேலை, அவன் கை அப்போது பெட்டியின் மேல் இருக்கக் கூடாது. பிறகு உருளையைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே தள்ளச் சொல்லுங்கள். கீறிய எட்டு முக்கோணங்களும் வெளிப்பக்கம் திறந்து கையைச் சுற்றி நிற்கும். விரிந்த நாக்குகள் உள்சுவரில் போய்த் தட்டி நிற்கும். நாக்குகளை உள்ளே தட்டையாக ஒட்டுங்கள். வெளியே முக்கோணங்களைக் கையோடு அணைத்து டேப்பைச் சுற்றுங்கள். இப்போது அவன் ரோபோவின் கையைப் பிடித்து இழுத்தால் அந்த இழுப்பைச் சுவர் தாங்கிக்கொள்ளும். நாக்குகள் ஓட்டையைவிடப் பெரிதாக விரிந்திருப்பதால், அவை கிழிந்தாலொழிய கை வெளியே வராது.

இதில் ஒரு சிக்கல், வரிசை. பெட்டியை முதலிலேயே மூடிவிட்டால் உள்ளே கை விட முடியாது. அதனால் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். இரண்டு கைகளையும் கழுத்தையும் பொருத்திய பிறகுதான் மூட வேண்டும். கழுத்துக்கும் இதே முறைதான், ஆனால் நாக்குகள் இரண்டு முனையிலும் வேண்டும். ஒரு முனை உடம்புக்குள், இன்னொன்று தலைக்குள் விரியும். தலைப்பெட்டியின் அடியிலும் இதே போல் கீறிக்கொண்டு, நாக்குகளை மடக்காமல் உள்ளே விட்டு, மேல்பக்கம் வழியாகக் கையை நுழைத்து விரித்து ஒட்டிவிட்டு, தலையைக் கடைசியில் மூடுங்கள்.

தலை சாய்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பெட்டி அட்டையின் ஓரத்தைப் பாருங்கள்: இரண்டு தட்டைக் காகிதங்களுக்கு நடுவே ஒரு நெளிக்காகிதம். அந்த நெளிவுகள் மேலிருந்து கீழாக நின்றால் அட்டை நல்ல பாரம் தாங்கும், குறுக்கே படுத்தால் நசுங்கும். கடையிலிருந்து வரும் பெட்டிகளின் பக்கங்களில் பெரும்பாலும் நெளிவுகள் நெட்டுக்குத்தாகத்தான் இருக்கும். நீங்கள் பெட்டியைப் படுக்கவைத்து உடம்பாக்கியிருந்தால், தலையின் எடைக்குச் சுவர் தளர்ந்துகொடுத்திருக்கும்.

கத்தரிக்கோல் இறங்காததற்கும் நெளிவுதான் காரணம். குறுக்கே வெட்டுவதைவிட நெளிவின் போக்கில் வெட்டுவது எளிது. நுனியால் கடிக்கவிடாமல், அட்டையைத் திருகாணிக்கு அருகே, வாயின் ஆழத்தில் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்; அங்கேதான் அழுத்தம் அதிகம். வளைவு வந்தால் கத்தரிக்கோலைத் திருப்பாமல் அட்டையைத் திருப்பட்டும். பையன் இடது கைப் பழக்கம் உள்ளவன் என்றால் அதற்கென்று இருக்கும் கத்தரிக்கோல் வாங்கிக்கொடுங்கள். சாதாரணமானது அந்தக் கையில் அட்டையை வெட்டாமல் மடக்கத்தான் செய்யும். இவ்வளவும் செய்து அப்படியும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தடித்த அட்டை உங்களுக்கு, பிஸ்கட், பற்பசை டப்பா மாதிரியான மெல்லிய அட்டை அவனுக்கு. கண், பொத்தான், பற்சக்கரம், ஆண்டெனா எல்லாம் மெல்லியதில்தானே வரும். பார்க்கிறவர்கள் கண்ணில் படுவதும் அவைதான், ஆகவே ரோபோ அவனுடையதாகவே இருக்கும். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது என்றால் கை பரபரக்கும், திருத்தப் போகாதீர்கள்.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரவுன் டேப் உறுதியானது, ஆனால் பிளாஸ்டிக் என்பதால் வாட்டர் கலர் அதன்மேல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். அதை உள்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியே மாஸ்கிங் டேப். அது காகிதம், வண்ணம் பிடிக்கும், கத்தரிக்கோல் இல்லாமல் அவனே கையால் கிழித்துக்கொள்ளலாம். சுருளை அவன் கையில் கொடுத்தால் ஒரு முழம் இழுத்துத் தனக்குத்தானே ஒட்டவைத்துவிடுவான். விரல் நீளத் துண்டுகளாக முன்கூட்டியே கிழித்து மேஜை ஓரத்தில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். ஒட்டுமுன் அட்டையின் தூசியைத் துடைத்து, ஒட்டியபின் கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அழுத்தினால்தான் இந்தப் பசை பிடிக்கும். உரித்த டேப்பில் அட்டையின் நார் ஒட்டியிருக்கும், அது மறுபடி ஒட்டாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, கோட்டை. சுவர்களை நெளிவு நெட்டுக்குத்தாக நிற்கும்படி வெட்டுங்கள். மூலைக் கோபுர உருளைகளில் மேலிருந்து பாதி உயரம் வரை, அட்டையின் தடிமன் அளவுக்கு மட்டும் பிளவு போடுங்கள். சுவரின் ஓரத்தில் கீழிருந்து பாதி உயரம் வரை அதே போல் ஒரு பிளவு, ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி. ஒன்றின் மேல் ஒன்றைச் செருகினால் டேப்பே தேவைப்படாது, விளையாடி முடித்ததும் பிரித்து அடுக்கிவைக்கலாம். உச்சியில் வரும் பல் பல்லான மதிலைத் தடித்த அட்டையில் அவனை வெட்டவைக்க வேண்டாம். மெல்லிய அட்டைப் பட்டையில் வெட்டி, சுவரின் வெளிப்பக்கம் ஒட்டட்டும்.

ஏறி இறங்கும் வாசல் பாலம் நிச்சயம் கேட்பான். அதைத் தனியாக வெட்டி ஒட்டுவதைவிட, சுவரிலேயே மூன்று பக்கம் மட்டும் வெட்டி, அடிப்பக்கத்தை மடிப்பாக விடுங்கள். அங்கே மடிப்பு நெளிவுக்குக் குறுக்கே போவதால் கோணல்மாணலாக உடையும். அதனால் மடக்குமுன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் உள்பக்கத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்திக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நாள் முழுக்கத் திறந்து மூடுவான். டேப் நைந்துபோனால் பழையதை உரிக்காமல், அதன்மேலேயே இன்னொரு துண்டு ஒட்டினால் போதும்.