‘ஃபுல் திக்னஸ்’ என்றால் தோள் ஜவ்வு முழுசா அறுந்துபோச்சா?

“டாக்டர் ஐயா, எனக்குக் களக்காடு பக்கம். வாழைத்தார் லோடு ஏத்துற வேலை. வயசு 51. வலது தோள் ஒரு வருஷமா வலி. போன தை மாசம் எம்.ஆர்.ஐ. எடுத்ததுல ‘பார்ஷியல் திக்னஸ் டியர்’னு இருந்துச்சு. ஆறு வாரம் முன்னால தாரோட வரப்புல வழுக்கி விழுந்துட்டேன். இப்போ திரும்ப எடுத்ததுல ‘ஃபுல் திக்னஸ் டியர், 11 மி.மீ., ரிட்ராக்‌ஷன் இல்லை, அட்ரோஃபி இல்லை’ன்னு போட்டிருக்கு. முழுசா அறுந்துட்டா? ஆனா கை மேல போகத்தான் செய்யுது. முதல் ரிப்போர்ட் தப்பா? ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?”

அண்ணாச்சி, முழுசா அறுந்துபோகவில்லை. ஆனால் சும்மா விட்டுவிடுகிற நிலையிலும் இல்லை. ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. நாங்கள் எழுதுகிற அந்த ‘ஃபுல்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் முதலில் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறேன்.

தோள்பட்டை எலும்பின் மேல்பக்கப் பள்ளத்தில் ஒரு தசை இருக்கிறது. சுப்ராஸ்பைனேட்டஸ் என்று பெயர். அது முன்னே வர வர நார் மாதிரி கெட்டியாகி, தோளின் கூரை எலும்புக்கு அடியில் புகுந்து, புஜ எலும்பின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்கிறது. கையைப் பக்கவாட்டில் தூக்க ஆரம்பிக்கும்போது இது வேலை செய்கிறது. இதுவும் இதன் அக்கம்பக்கத்தில் உள்ள மூன்றும் சேர்ந்ததுதான் ரொட்டேட்டர் கஃப். நம் பக்கம் இதை ஜவ்வு என்பார்கள், சிலர் நரம்பு கிழிந்துவிட்டது என்றும் சொல்வார்கள். இது தசைநார். உணர்ச்சி கொண்டுபோகிற நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது தார் சுமக்கும்போது தோளில் போடுகிற துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாக மடித்துப் போட்டிருக்கிறீர்கள். நாள்பட அடிப்பக்கம் தேய்ந்து இரண்டு மடிப்பு நைந்துபோகிறது. மேலே இரண்டு மடிப்பு நன்றாக இருக்கிறது. விரலை அடியிலிருந்து விட்டால் பாதியில் நின்றுவிடும். அதுதான் பார்ஷியல் திக்னஸ். திக்னஸ் என்றால் தடிமன், டியர் என்றால் கிழிசல், அவ்வளவுதான். இன்னும் தேய்ந்து நாலு மடிப்பிலும் ஓட்டை விழுந்து, விரல் மேல்பக்கம் எட்டிப் பார்த்தால் ஃபுல் திக்னஸ். ஆனாலும் துண்டு இரண்டாகிவிடவில்லை. ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கிழிந்து இரண்டு துண்டாகிவிட்டால் அதற்குத் தனியாக ‘கம்ப்ளீட் டியர்’ என்று எழுதுவோம்.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 11 மி.மீ. அந்த ஓட்டையின் முன்பின் அளவு. அந்த நார் எலும்பில் ஒட்டுகிற இடம் முன்பின்னாகச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அப்படியானால் உத்தேசமாகப் பாதி அகலத்தில் ஓட்டை, மீதிப் பாதி எலும்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. கை இன்னும் மேலே போவது அதனால்தான். மிச்சமிருக்கிற நாரும், மற்ற மூன்று தசைகளும், தோளின் வெளிப்பக்கத்துப் பெரிய தசையும் சேர்ந்து சமாளிக்கின்றன. கை தூக்க முடிகிறது என்பதை வைத்துக் கிழிசல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இந்த அளவுக் கிழிசலோடு சோறு பிசைந்து, சட்டை போட்டு, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உண்டு.

அடுத்தது, முதல் ரிப்போர்ட் தப்பா என்பது. பெரும்பாலும் இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல தசைநார் கறுப்புப் பட்டையாகத் தெரியும். நீர் வெள்ளையாகத் தெரியும். கிழிந்த இடத்தில் மூட்டுக்குள் இருக்கும் நீர் புகுந்து, கறுப்புப் பட்டைக்குள் வெள்ளைக் கோடு விழும். அந்த வெள்ளை ஒரு பக்கத்திலிருந்து உள்ளே போய்ப் பாதியில் நின்றால் பார்ஷியல் என்று எழுதுவோம். அடியிலிருந்து மேல்பக்கம் வரை விடாமல் ஓடினால் ஃபுல் திக்னஸ். போன தை மாதம் பாதியில் நின்ற கோடு, நீங்கள் தாரோடு விழுந்த பிறகு மறுபக்கம் வரை போயிருக்கும். ஏற்கெனவே நைந்த இடம்தானே, ஒரே வெட்டில் முழுதும் போக அதிகப் பலம் வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்கேன் என்பது ரொட்டியை அரிந்த மாதிரி, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் வரிசையாக எடுத்த படங்கள். சின்ன ஓட்டை இரண்டு துண்டுக்கு நடுவில் விழுந்தால் படத்தில் மங்கிவிடும். தேய்ந்து வீங்கின நாரும் கொஞ்சம் வெளுப்பாகத்தான் தெரியும். தடிமனில் பாதிக்கு மேல் போன பார்ஷியல் கிழிசலையும் சின்ன ஃபுல் திக்னஸ் கிழிசலையும் பிரித்துச் சொல்வது எங்களுக்கே கஷ்டம். ஒரே படத்தை நான் ஒன்றாகவும் இன்னொருவர் மற்றொன்றாகவும் எழுதலாம். அதனால் யாராவது ‘பார்ஷியல்தானே, பயமில்லை’ என்று சொன்னால், தடிமனில் பாதிக்கு மேலா கீழா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்தில் ‘ஃபுல்’ என்ற சொல்லைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டு வரி. ரிட்ராக்‌ஷன் இல்லை, அட்ரோஃபி இல்லை.

ரிட்ராக்‌ஷன் என்றால் அறுந்த முனை பின்னால் சுருண்டு போவது. இழுத்துக் கட்டின ரப்பரை ஒரு பக்கம் விட்டால் எப்படி ஓடுமோ, அப்படித் தசை நாரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மூட்டுக்கிண்ணத்தின் விளிம்பு வரை போய்விட்டால், திரும்ப இழுத்து எலும்பில் ஒட்டவைப்பது சிரமம். உங்களுக்கு முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அட்ரோஃபி என்றால் தசை மெலிவது. நாள்பட்ட கிழிசலில் வேலை இல்லாமல் கிடக்கும் தசை மெலிந்து, ஆட்டுக்கறியில் வெள்ளைக்கோடு ஓடுகிற மாதிரி உள்ளே கொழுப்பு ஏற ஆரம்பிக்கும். தசையில் பாதிக்குப் பாதி கொழுப்பாகிவிட்டால், அப்புறம் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் பழைய பலம் வராது, தையலும் பிடிக்காமல் போகிற வாய்ப்பு கூடும். உங்கள் தசை இன்னும் கறியாகவே இருக்கிறது. தைப்பதாக இருந்தால் நல்லபடி தைக்கலாம் என்றுதான் இந்த இரண்டு வரிக்கும் அர்த்தம். ஆனால் இந்த நிலை இப்படியே இருந்துகொண்டிருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஃபுல் திக்னஸ் ஓட்டை தானாக மூடிக்கொள்ளாது. சிலருக்கு வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும், சிலருக்குப் பெரிதாகும்.

ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா என்பதற்கு இதே ரிப்போர்ட்டை வைத்து இரண்டு பேருக்கு இரண்டு பதில் சொல்வேன். விழாமல், அடிபடாமல், வயதில் தேய்ந்து வந்த ஓட்டை என்றால் முதலில் மூன்று மாதம் பிசியோதெரபி. அமெரிக்காவில் 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிபடாமல் வந்த ஃபுல் திக்னஸ் கிழிசலுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் நாலில் மூன்று பேருக்கு ஆபரேஷன் வரை போகவில்லை. ஆனால் அவர்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டியது. உங்களைப் போல் தார் சுமந்து பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே ஒப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களுக்கு 51 வயது, தோளில்தான் பிழைப்பு, விழுந்த பிறகு கிழிசல் கூடியிருக்கிறது, தசை நன்றாக இருக்கிறது. இந்த நாலும் சேர்ந்தால் சீக்கிரம் தைப்பதுதான் பொதுவாக நல்லது. விழுந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிவு எடுத்துவிட வேண்டும். ஆறு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. இந்த வாரமோ அடுத்த வாரமோ தோள் பார்க்கிற எலும்பு டாக்டரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கூடவே கொண்டுபோய், இந்த ஆபரேஷனுக்குக் கிடைக்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

போவதற்கு முன்னால் வீட்டில் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். கையைத் தொங்கவிட்டு, வீட்டம்மாவை அதை மெதுவாகத் தூக்கிவிடச் சொல்லுங்கள். அவர்கள் தூக்கினால் மேலே போகிறது, நீங்களாகத் தூக்கினால் போகவில்லை, விட்டவுடன் தொப்பென்று விழுகிறது என்றால் நாருக்குப் பலம் போய்விட்டது என்று பொருள். அப்படி இருந்தால் நாள் கடத்தாதீர்கள். அவர்கள் தூக்கினாலும் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் மூட்டு இறுகியிருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுத்தான் பல டாக்டர்கள் தைக்க ஒத்துக்கொள்வார்கள்.

ஆபரேஷன் என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, எலும்பில் ஆங்கர் என்கிற ஆணி வைத்து, அதிலிருந்து வரும் நூலால் நாரை எலும்போடு கட்டுவார்கள். வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். நாலு முதல் ஆறு வாரம் கை தூளியில். அதுவரை வலி இல்லாவிட்டாலும் நீங்களாகக் கையைத் தூக்கக் கூடாது, பிசியோதெரபிஸ்ட் தூக்கிவிடுவார். பலம் கூட்டும் பயிற்சி மூன்று மாதம் கழித்துத்தான். தார் தூக்க ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். இந்த ஆறு மாத வருமானத்துக்கு வழி பார்க்காமல் படுத்துவிட்டு, மூன்றாம் மாதம் வீட்டு நெருக்கடியில் லோடுக்குப் போய்த் தையலை அறுத்துக்கொண்டு வந்தவர்களின் படத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் கலந்து பேசி நாள் குறியுங்கள். சீசன் முடிகிற நேரமாக அமைந்தால் நல்லது, ஆனால் சீசனுக்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள், நார் எலும்பில் ஒட்டுவதை அது கெடுக்கும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அதுவரை வலது தோளில் தார் வேண்டாம். தலைக்கு மேல் கை நீட்டி லாரியில் அடுக்குகிற வேலை இன்னும் கெடுதல், கூரை எலும்புக்கு அடியில் நார் நசுங்கும். கீழே நின்று எண்ணிக்கை பார்ப்பது போன்ற வேலையை மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். வேலையை நிறுத்தியதற்காகக் கையை ஆட்டாமல் கட்டியே வைத்திருக்கவும் வேண்டாம், மூட்டு இறுகிவிடும். இடுப்புக்கு முன்னால் வைத்துச் செய்கிற சாதாரண வேலைகளைச் செய்யலாம். வலி ஊசியைப் பற்றிக் கேட்பீர்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி குறையும், ஓட்டை மூடாது. தைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது தாளில் உள்ள ரிப்போர்ட் மட்டும் போதாது. இரண்டு ஸ்கேனின் படங்களையும், சி.டி. கொடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். எந்தத் தேதியில் விழுந்தீர்கள், மறுநாள் கை எவ்வளவு தூரம் போனது என்பதை ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். தை மாதப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு கூடியிருக்கிறது என்பது டாக்டருக்கே தெரிந்துவிடும்.