துணையலகு வளைவரையின் நீளம்: வர்க்கமூலம் எப்போது விலகும்?

வில்லின் நீளத்தைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, மூலக்குறிக்குள் இருக்கும் கோவை முழு வர்க்கமாவது பற்றியவை. ஆகவே இயன்றவரை ஒரே வளைவரையை வைத்துக்கொண்டு அவற்றுக்கு விடை தருகிறேன்.

கேள்வி: x = t³ − 3t, y = 3t² என்ற வளைவரையில் மூலக்குறி தானாகவே மறைந்துவிடுகிறது. இது தற்செயலா?

தற்செயல் அன்று. t-ஐ நேரமாகக் கொண்டால், வளைவரையின்மேல் நகரும் புள்ளியின் வேகம் √(x′² + y′²) ஆகும். அந்த வேகத்தைத் தொகையிட்டால் கிடைப்பதே நீளம். இங்கே x′ = 3t² − 3, y′ = 6t. முதலாவதை வர்க்கப்படுத்தினால் 9t⁴ − 18t² + 9 வருகிறது. இரண்டாவதன் வர்க்கம் 36t². இரண்டையும் கூட்டும்போது ஓரங்களில் உள்ள உறுப்புகள் அப்படியே இருக்க, நடு உறுப்பு மட்டும் −18t² என்பதிலிருந்து +18t² ஆக மாறுகிறது. எனவே கூடுதல் 9(t² + 1)², வேகம் 3(t² + 1).

இதன் அடியில் இருப்பது (p − q)² + 4pq = (p + q)² என்ற பழகிய முற்றொருமைதான். x′-இல் கழித்தலாக இருப்பதைக் கூட்டலாக மாற்றுவதற்குத் தேவையான 4pq-ஐ y′² சரியாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. y = f(x) வடிவக் கணக்குகளிலும் இதே அமைப்பு உண்டு: y = x³/6 + 1/(2x) என்றால் y′² -இன் நடு உறுப்பு −1/2; சூத்திரத்தில் உள்ள 1 அதை +1/2 ஆக்குகிறது.

நம் வளைவரை t = −√3, t = √3 ஆகிய இரு மதிப்புகளிலும் (0, 9) என்ற ஒரே புள்ளியில் வந்து சேர்ந்து ஒரு கண்ணியை உருவாக்குகிறது. அக்கண்ணியின் நீளம், t³ + 3t என்ற கோவையின் இரு எல்லை மதிப்புகளின் வித்தியாசம். அதாவது 12√3, ஏறத்தாழ 20.78. விடை நம்பத்தக்கதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. (0, 9)-இலிருந்து கிளம்பிய கண்ணி ஆதிப்புள்ளியைத் தொட்டுத் திரும்புவதால், அதன் நீளம் நேர்க்கோட்டில் போய்வரும் 18-ஐவிடக் குறையவே முடியாது.

கேள்வி: அதே கணக்கில் y = 2t² என்று மாற்றினேன். எவ்வளவு முயன்றும் மூலம் விலகவில்லை. எங்கே தவறினேன்?

நீங்கள் எங்கும் தவறவில்லை. அந்த மூலம் விலகவே விலகாது. பொதுவாக y = kt² என்று வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். அப்போது மூலத்துக்குள் 9t⁴ + (4k² − 18)t² + 9 இருக்கும். இதை t²-இன் இருபடிக் கோவையாகக் கருதினால், முழு வர்க்கமாக அதன் தன்மைகாட்டி பூச்சியமாக வேண்டும். அதாவது 4k² − 18 என்பது 18 ஆகவோ −18 ஆகவோ இருக்க வேண்டும். முதல் நிலையில் k = ±3, இரண்டாம் நிலையில் k = 0. வேறெந்த k-க்கும் வழியில்லை. k = 2 எனில் நடுக்கெழு −2 என நின்றுவிடுகிறது; தன்மைகாட்டி 4 − 324 = −320.

தொகையிடத் தொடங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். முழு வர்க்கம் இல்லை என்று தெரிந்தால், பாடநூல் முறைகளை ஒவ்வொன்றாக முயன்று நேரத்தை இழக்காமல் எண்முறைக்குச் செல்லலாம். உங்கள் வளைவரையில் t = 0 முதல் t = 1 வரையிலான பகுதிக்குச் சிம்ப்சன் விதி, இரண்டு கூறுகளுடன் 3.174-ஐயும் நான்கு கூறுகளுடன் 3.172-ஐயும் தருகிறது. ஆகவே இரண்டு தசம இடங்களுக்கு 3.17 என்று எழுதுவதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: முழு வர்க்கம் சரியாகவே கிடைத்தது, ஆனால் நீளம் பூச்சியம் என்று வருகிறதே?

மேலே ஒதுக்கி வைத்த k = 0 என்ற நிலையே இதற்குச் சிறந்த விளக்கம். அங்கே மூலத்துக்குள் 9(t² − 1)² உள்ளது. அதன் மூலம் 3(t² − 1) அன்று, 3|t² − 1|. மட்டுக்குறியை விட்டுவிட்டு −√3 முதல் √3 வரை தொகையிட்டால் t³ − 3t இரு முனைகளிலும் பூச்சியமாகி, விடையும் பூச்சியமாகிறது. உண்மையில் புள்ளி x-அச்சின்மேல் 0-இலிருந்து 2 வரை சென்று, அங்கிருந்து −2 வரை வந்து, மீண்டும் 0-ஐ அடைகிறது. கடந்த தொலைவு 2 + 4 + 2 = 8. மட்டு மதிப்பு இல்லாத தொகை, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான இடப்பெயர்ச்சியைத்தான் தந்தது.

t² + 1 எங்கும் மிகையாக இருப்பதால் முதல் கேள்வியில் இந்தச் சிக்கல் எழவில்லை. சைக்ளாய்டில் அது எழும். x = t − sin t, y = 1 − cos t எனில் வேகம் 2|sin(t/2)|; ஒரு வளைவின் நீளம் 8, இதை 1658-இல் கிறிஸ்டோபர் ரென் கண்டறிந்தார். 0 முதல் 4π வரை இரண்டு வளைவுகளைச் சேர்த்து மட்டுக்குறியின்றித் தொகையிடுபவருக்கு 16-க்குப் பதிலாகப் பூச்சியம் கிடைக்கும். எல்லைகள் 0, 3π என்று அமைந்தால் விடை 4 என்று வரும். சரியான விடை 12. பூச்சியமாவது கண்ணை உறுத்தும். இந்த 4 உறுத்தாது என்பதால் இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். வேகம் எங்கே பூச்சியமாகிறது என்பதை முதலில் கண்டு, அவ்விடங்களில் இடைவெளியைப் பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு.

கேள்வி: முழு வர்க்கம் இல்லையென்றால் சரியான விடையே கிடைக்காதா?

சில இடங்களில் கிடைக்கும். x = t², y = t³ எனில் மூலத்துக்குள் t²(4 + 9t²) உள்ளது. இது முழு வர்க்கம் அன்று. ஆனால் வெளியே வரும் t, 4 + 9t²-இன் வகைக்கெழுவோடு பொருந்துவதால் பிரதியிடல் போதும். 0 முதல் 1 வரை நீளம் (13√13 − 8)/27, ஏறத்தாழ 1.44.

கேள்வி: துணையலகை மாற்றிப் பரவளையத்துக்கும் முழு வர்க்கத்தை உண்டாக்க முடியுமா?

முடியும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. x = t, y = t² எனில் மூலத்துக்குள் 1 + 4t². இங்கே t = (sinh s)/2 என்று எழுதினால் s-ஐப் பொறுத்த வேகம் (cosh² s)/2 ஆகி, மூலக்குறி முற்றிலும் மறைகிறது. ஆனால் cosh² s-ஐத் தொகையிடும்போது s/4 என்ற உறுப்பு தனியாக எஞ்சுகிறது. அது t-இல் மடக்கையாகத் திரும்பி வரும். t = 0 முதல் 1 வரையிலான நீளம் √5/2 + (1/4) ln(2 + √5), ஏறத்தாழ 1.479. முழு வர்க்கம் என்பது வளைவரைக்கு மட்டும் உரிய பண்பு அன்று, அதை எந்தச் சார்புகளால் எழுதுகிறோம் என்பதையும் சார்ந்தது. பல்லுறுப்புக் கோவைகளுக்குள்ளேயே நின்றால் பரவளையத்துக்கு இது வாய்க்காது.

கேள்வி: மாணவர்களுக்காக இத்தகைய வளைவரைகளை நானே அமைக்க விரும்புகிறேன்.

u, v, w என்ற மூன்று பல்லுறுப்புக் கோவைகளை எடுத்து x′ = w(u² − v²), y′ = 2wuv என்று அமையுங்கள்; வேகம் |w|(u² + v²) ஆகும். u = t, v = 1, w = 3 என்பது நம் முதல் வளைவரை. பல்லுறுப்புக் கோவைகளுக்குள், x-உம் y-உம் இடம் மாறுவதைத் தவிர, வேறு வழியே இல்லை. ஃபரூக்கியும் சக்காலிஸும் 1990-இல் இவ்வகை வளைவரைகளைக் கணினி வடிவமைப்புக்குக் கொண்டுவந்தனர். வெட்டும் கருவியைச் சீரான வேகத்தில் செலுத்தும்போது நீளம் பல்லுறுப்புக் கோவையாகவே கிடைப்பது பெரிய வசதி.

w-ஐ மாறிலியாக வைத்து, u, v இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லாமல் பார்த்துக்கொண்டால், வேகம் எங்கும் பூச்சியமாகாது. மட்டு மதிப்பைச் சோதிக்க வேண்டுமானால் w = t என எடுங்கள்: u = t, v = 1 எனில் வேகம் |t|(t² + 1). t = 0-இல் வளைவரை ஒரு கூர்முனையில் திரும்புகிறது; −1 முதல் 1 வரையிலான நீளம் 3/2. பூச்சியம் என்று எழுதிய மாணவரிடம் அந்தக் கூர்முனையை வரையச் சொல்லுங்கள்.